ப்ராஜெக்ட், வைவா, செம் தேர்வு: ஒரே அட்டவணைக்கு மூன்று வழிகள்

கடைசி வருடம் கடைசி செமில் இருக்கிற இன்ஜினியரிங் மாணவர்கள் டிசம்பர், ஜனவரி வாக்கில் கேட்கிற கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "தினமும் கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் ப்ராஜெக்ட் என்று ஓட்டட்டுமா, இல்லை ப்ராஜெக்ட்டை முடித்துத் தூக்கி வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கட்டுமா?" இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். சீனியர்களில் பாதிப் பேர் முதலாவதைச் சொல்வார்கள், பாதிப் பேர் இரண்டாவதை. மூன்றாவதாக, ரிவ்யூ தேதிகளைச் சுற்றி வாரங்களைப் பிரிக்கிற வழி ஒன்றும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

யாருக்காக எழுதுகிறேன் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறைப்படி கம்ப்யூட்டர் சயின்ஸ் எட்டாம் செமில் இரண்டு எலெக்டிவ் தாள்களும் ப்ராஜெக்ட்டும் இருந்தன. 2021 ஒழுங்குமுறையில் அந்த செமில் ப்ராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப் மட்டும்தான். ஆனாலும் அரியர் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு இருக்கவே செய்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் பலவற்றில் கடைசி செமிலும் தாள்கள் உண்டு. ஆகவே இங்கே எடுத்துக்கொள்வது நடுவாந்திரமான ஒரு நிலைமை: மூன்று பேர் டீம், இரண்டு எலெக்டிவ், அதில் ஒருவருக்கு மட்டும் ஒரு பழைய அரியர்.

## எதை வைத்து எடை போடுவது

### தவறினால் என்ன ஆகும்

இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஒரு தாளில் தவறினால் அது அரியர். அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம், மனசு வலிக்கும், அவ்வளவுதான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அப்படி இல்லை. கடைசித் தேதிக்குள் கொடுக்காவிட்டால் ப்ராஜெக்ட்டில் தோல்வி என்றே கணக்கு. பிறகு வருகிற ஒரு செமில் அதற்கு மறுபடி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அண்ணா பல்கலைக்கழக ஒழுங்குமுறை. கிரெடிட்டிலும் அப்படித்தான்: ப்ராஜெக்ட்டுக்கு 10, ஓர் எலெக்டிவ்வுக்கு 3. எந்த அட்டவணை போட்டாலும் ரிப்போர்ட் தேதியை மட்டும் அது ஆட்டிப் பார்க்கக் கூடாது.

தேர்வின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. தேர்ச்சிக்கு இன்டர்னலும் எக்ஸ்டர்னலும் சேர்த்து 50 விழுக்காடு வேண்டும். அதோடு எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாகக் குறைந்தது 45 விழுக்காடு வேண்டும். இன்டர்னலில் 40க்கு 32 வாங்கியவருக்கு மொத்தத்தில் 50 தொட எழுத்துத் தேர்வில் 60க்கு 18 போதும். ஆனால் அந்த 45 விழுக்காட்டு விதி இருப்பதால் 27க்குக் கீழே போக முடியாது. "இன்டர்னல் நன்றாக இருக்கிறது, பாஸாகிவிடுவேன்" என்று ப்ராஜெக்ட்டில் மூழ்குகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கேள்வித்தாளோடு சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 10 இரண்டு மதிப்பெண் கேள்விகள், 5 பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள், ஒரு பதினைந்து, மொத்தம் 100. பொதுவாக ஒரு யூனிட்டுக்கு இரண்டு சின்னக் கேள்வி, ஒரு பெரிய கேள்வி. மூன்று யூனிட் மட்டும் கரைத்துக் குடித்தால் கைக்கு எட்டுவது 12ம் 39ம் சேர்த்து 51. எழுதியதற்கெல்லாம் முழு மதிப்பெண் விழாது. அதில் எண்பது விழுக்காடு கிடைத்தால்கூட 41 தான், அந்த 45க்குக் கீழே. நான்கு யூனிட் என்றால் 68. அதே எண்பது விழுக்காட்டில் 54. கடைசிப் பதினைந்து மதிப்பெண் கேள்வியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆக நெருக்கடியான செமில் ஒரு தாளுக்கு நான்கு யூனிட் என்று இலக்கு வைப்பதுதான் நியாயம். மூன்று போதும் என்பது சூதாட்டம். நல்ல கிரேடு வேண்டும் என்கிறவருக்கு ஐந்தும் வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

### யாருக்காகக் காத்திருக்க வேண்டும்

படிப்புக்கு நீங்கள் மட்டும் போதும். ப்ராஜெக்ட்டுக்குக் கைடு, டீமில் மற்ற இருவர், லேப், சில சமயம் கூரியரில் வர வேண்டிய சென்சார், கடைசியில் பைண்டிங் கடைக்காரர் என்று ஒரு வரிசையே வேண்டும். உங்கள் கையில் இல்லாத வேலை எவ்வளவு என்பதைப் பொறுத்தே அட்டவணை மாறும்.

### எந்த வேலை எவ்வளவு நீளமான நேரம் கேட்கும்

இரண்டு மதிப்பெண் கேள்விகளைப் பஸ்ஸில் வரும்போதுகூடப் படிக்கலாம். நேற்று ஓடிய கோடு இன்று ஏன் ஓடவில்லை என்று தேடுவதை அப்படிச் செய்ய முடியாது. எங்கே விட்டோம் என்று நினைவுக்குக் கொண்டுவரவே அரை மணிநேரம் போய்விடும். மாடல் ட்ரெய்னிங் மூன்றாவது வகை: ஐந்து நிமிட வேலை, ஐந்து மணிநேரக் காத்திருப்பு.

### மறதி

பிப்ரவரியில் நீங்களே எடுத்த முடிவுக்கான காரணம் ஏப்ரலில் நினைவுக்கு வராது. வைவாவில் கேட்கப்படுவது அதுதான். இதை ஒரு அளவுகோலாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு இது முதல் அளவுகோலுக்கு அடுத்தபடி முக்கியம்.

## வழி ஒன்று: தினமும் பிரிப்பது

காலை ஐந்தரை முதல் ஏழு வரை பாடம், மாலை ப்ராஜெக்ட், படுக்கப் போகும் முன் அரை மணிநேரம் வைவா கேள்விகள். காகிதத்தில் மிக அழகாக இருக்கும்.

இதன் பலம் பாடத்தில்தான். தினமும் ஒன்றரை மணிநேரம் என்றால், கணக்கு சம்பந்தப்பட்ட தாளுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. டிஸ்கிரீட் மேத்ஸ் அரியரை ஸ்டடி லீவில் நான்கு நாளில் முடிக்கிறேன் என்று உட்கார்ந்தால் முடியாது. தினம் நான்கு கணக்கு போட்டுக்கொண்டு வந்தால் முடியும்.

மறைந்திருக்கும் செலவு மாலையில் வரும். கல்லூரி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வர ஆறரை. குளித்துச் சாப்பிட்டு உட்கார ஏழரை. அரை மணிநேரம் பழைய கோடைப் பார்த்து நினைவுபடுத்துவதில் போகும். ஒன்பது மணிக்கு ஒரு வழி பிடிபடும், அப்போது நிறுத்த மனம் வராது. பன்னிரண்டு வரை இழுக்கும். மறுநாள் காலை ஐந்தரை அலாரம் அடித்து ஓயும். இப்படி இரண்டு வாரம் நடந்தால் இது தினப் பிரிப்பாக இருக்காது, பெயர் மாற்றிய ப்ராஜெக்ட் அட்டவணையாக இருக்கும். டீம் வேலைக்கும் இது ஒத்துவராது. மூன்று பேருக்கும் தினம் ஒரே இரண்டு மணிநேரம் கிடைப்பது ஹாஸ்டலில் சாத்தியம், வீட்டிலிருந்து வந்து போகிறவர்களுக்கு அரிது.

இரவில் அரை மணிநேர வைவா கேள்வி என்பதும் வீண். ஜனவரியில் ப்ராஜெக்ட்டே உருவாகவில்லை, எதைத் தயார் செய்வது? நெட்டில் கிடைக்கிற பொதுவான ஐம்பது கேள்விகளைப் படிப்பதாக முடியும்.

இது யாருக்குப் பொருந்தும் என்றால், இரண்டு மூன்று அரியர் சேர்ந்துவிட்டவருக்கு. ப்ராஜெக்ட் பெரும்பாலும் காத்திருப்பாக இருக்கிறவருக்கும் பொருந்தும். சிவில் பிரிவில் கான்கிரீட் க்யூப் போட்டுவிட்டு 7 நாள், 28 நாள் க்யூரிங்குக்குக் காத்திருக்கிற டீமுக்கு இடையில் படிக்க நேரம் தானாகவே கிடைக்கிறது. அவர்கள் தினப் பிரிப்பில் போனால் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

## வழி இரண்டு: ப்ராஜெக்ட் முதலில்

மூன்றாவது ரிவ்யூ வரை ப்ராஜெக்ட் மட்டும். வகுப்பில் கேட்பதைத் தவிரப் படிப்பு கிடையாது. ரிவ்யூ முடிந்ததும் ரிப்போர்ட், அப்புறம் புத்தகம்.

நீளமான நேரம் கேட்கிற வேலைக்கு இதுதான் சரி. சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்தால், வார நாட்களின் துண்டு துண்டான மாலைகளில் முடியாதது முடிந்துவிடும். ஈஎஸ்பி32 போர்டு, மோட்டார், சென்சார் என்று ஹார்டுவேர் வைத்திருக்கிற டீமுக்கு முன்கூட்டியே முடிப்பது அவசியமும்கூட. ரிவ்யூவுக்கு முந்தின நாள் வோல்டேஜ் மாற்றிக் கொடுத்து போர்டு போய்விட்டால் புதிது வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது. அந்த விபத்து பிப்ரவரியில் நடந்தால் பாதிப்பில்லை.

இதன் முதல் செலவு எல்லோருக்கும் தெரிந்தது: ப்ராஜெக்ட் முடியவே முடியாது. ஒரு அம்சம் சேர்த்தால் இன்னொன்று தோன்றும். கைடு "இதையும் சேர்த்துப் பாருங்களேன்" என்பார். நிறுத்தும் தேதியை டீமே குறித்துக்கொள்ளாவிட்டால் இந்த வழி ஸ்டடி லீவையும் தின்றுவிடும்.

இரண்டாவது செலவு யாரும் எதிர்பாராதது. கோடிங்கை முடித்துவிட்டு ஒரு மாதம் பாடம் படித்துவிட்டு வைவாவுக்குப் போகிறீர்கள். எக்ஸ்டர்னல் கேட்கிறார்: "லேர்னிங் ரேட் ஏன் இந்த மதிப்பு?" வேறு இரண்டு மதிப்புகளைப் போட்டுப் பார்த்து, அவற்றில் மாடலின் பிழை கூடியதால் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள். ஆனால் அது நினைவில் இல்லை, எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. "டிஃபால்ட்டாக வைத்தோம் சார்" என்று வாயில் வரும். உழைத்து முடித்தவரே உழைக்காதவர் மாதிரி பதில் சொல்கிற காட்சியை ரிவ்யூ பேனலில் உட்காருகிறவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

அரியரோ தாளோ இல்லாதவருக்கு, அதாவது 2021 ஒழுங்குமுறையில் முழுப் பருவமும் ப்ராஜெக்ட் மட்டுமே இருப்பவருக்கு, இந்த வழியைத் தாராளமாகச் சொல்வேன். கம்பெனியில் உட்கார்ந்து ப்ராஜெக்ட் செய்கிறவருக்கும் வேறு வழி இல்லை. அங்கே நேரம் உங்கள் கையில் இருக்காது.

## வழி மூன்று: ரிவ்யூவைச் சுற்றி வாரங்களைப் பிரிப்பது

ரிவ்யூவுக்கு முந்தின இரண்டு மூன்று வாரங்கள் ப்ராஜெக்ட். ரிவ்யூ முடிந்த அடுத்த வாரம் முழுக்கப் பாடம், கூடவே ரிவ்யூவில் கேட்ட கேள்விகளுக்கு எழுத்தில் பதில். அப்புறம் மறுபடி ப்ராஜெக்ட்.

இந்த வழிக்கு ஒரு வசதி இருக்கிறது. ரிவ்யூ முடிந்த வாரம் டீம் எப்படியும் சும்மாதான் இருக்கும். களைப்பு ஒரு காரணம், பேனல் சொன்ன திருத்தத்தைக் கைடோடு பேசி முடிவெடுக்க நாலைந்து நாள் ஆவது இன்னொரு காரணம். சும்மா போகிற அந்த வாரத்தைத்தான் பாடத்துக்குக் கொடுக்கிறோம்.

இதைவிடப் பெரிய லாபம் வைவாவுக்கு. ரிவ்யூ பேனல் கேட்கிற கேள்விதான் எக்ஸ்டர்னலும் கேட்கப்போகிற கேள்வி. பதில் தெரியாமல் நின்ற இடம் நினைவில் சூடாக இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதிவிட்டால், மூன்றாவது ரிவ்யூ முடியும்போது வைவா நோட்டு தானாகத் தயாராகியிருக்கும். வைவாவுக்கென்று தனி வாரம் ஒதுக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், பதில் சொல்ல முடியாத கேள்விக்கு ப்ராஜெக்ட்டிலேயே ஏதாவது செய்ய இன்னும் நேரம் இருக்கும்.

செலவு என்ன? ரிவ்யூ தேதிகள் உங்கள் கையில் இல்லை. தள்ளிப் போகும், இன்டர்னல் தேர்வோடு மோதும். மோதுகிற வாரத்தில் இன்டர்னலுக்குப் படிப்பதையே அந்த வாரப் பாடமாக எடுத்துக்கொண்டு, ரிவ்யூவுக்கு இருப்பதைக் காட்டுவது நல்லது. பேனல் பாதி முடிந்த வேலையை மன்னிக்கும். இன்னொரு செலவு, டீம் மூவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பாடவாரத்திலும் குழுவில் "கோடைப் பாருங்கள்" என்று செய்தி போட்டுக்கொண்டே இருந்தால் இது நடக்காது.

## பக்கத்தில் பக்கத்தில்

| அளவுகோல் | தினமும் பிரிப்பது | ப்ராஜெக்ட் முதலில் | ரிவ்யூவைச் சுற்றி |
|---|---|---|---|
| ரிப்போர்ட் தேதிக்குப் பாதுகாப்பு | குறைவு. கடைசியில் குவியும் | அதிகம், நிறுத்தும் தேதி இருந்தால் | அதிகம் |
| தாளுக்கு நான்கு யூனிட் | எளிது | ஸ்டடி லீவை நம்ப வேண்டும் | மூன்று பாடவாரத்தில் முடியும் |
| நீளமான நேரம் | கிடைக்காது | நன்றாகக் கிடைக்கும் | ப்ராஜெக்ட் வாரங்களில் கிடைக்கும் |
| மற்றவரை நம்பியிருப்பது | குறைவு | கைடு, டீம் | டீம் ஒற்றுமை, ரிவ்யூ தேதி |
| வைவா நினைவு | சுமார் | மோசம், குறிப்பு எழுதாவிட்டால் | நல்லது |
| கணக்குத் தாள், அரியர் | மிகப் பொருத்தம் | ஆபத்து | தனியாக ஒரு மணிநேரம் சேர்க்க வேண்டும் |

## ஒரு டீமை வைத்துப் பார்ப்போம்

தக்காளி இலையின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்கிற ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்வோம். வருடா வருடம் ஏதாவது ஒரு டீம் எடுக்கிற தலைப்பு. தரவுக்கு எல்லோரும் போவது பிளான்ட்வில்லேஜ் தொகுப்புக்கு: 54,306 இலைப் படங்கள், 14 வகைப் பயிர்கள். அதில் தக்காளியை மட்டும் பிரித்து எடுத்து ட்ரெய்ன் செய்தால் முதல் வாரத்திலேயே துல்லியம் தொண்ணூறுக்கு மேல் வந்துவிடும். டீம் குஷியாகிவிடும்.

செம் பதினைந்து வாரம். ரிவ்யூக்கள் 4, 8, 11ஆம் வாரங்களின் முடிவில். ரிப்போர்ட் கடைசித் தேதி 13ஆம் வார முடிவு, வைவா 14, எழுத்துத் தேர்வு 15இல் தொடக்கம். ரிவ்யூவைச் சுற்றிய வழியில் பாடவாரங்கள் 5, 9, 12. இரண்டு தாள், தாளுக்கு நான்கு யூனிட், மொத்தம் எட்டு. ஒரு யூனிட்டை முதல் தடவை படித்துக் குறிப்பெடுக்க ஐந்தாறு மணிநேரம் என்றால், மாலைகளும் வார இறுதியும் சேர்ந்த ஒரு வாரத்தில் மூன்று யூனிட் முடியும். 5இல் மூன்று, 9இல் மூன்று, 12இல் ரிப்போர்ட் திருத்தமும் இருப்பதால் இரண்டு. எட்டும் முடிந்துவிடும். அரியர் வைத்திருப்பவர் மட்டும் ப்ராஜெக்ட் வாரங்களிலும் காலையில் ஒரு மணிநேரம் கணக்குப் போடுவார். அவருக்கு ஈடாக ராத்திரி ட்ரெய்னிங்கை ஓட விடும் பொறுப்பு மற்ற இருவருடையது.

ராத்திரி ஓட்டுவது பற்றி ஒரு குறிப்பு. இலவசக் கூகுள் கோலாப் அதிகபட்சம் 12 மணிநேரம் வரைதான் தாங்கும், அதற்கு முன்பே துண்டித்தாலும் கேட்க முடியாது. துண்டித்தால் அதன் தற்காலிக இடத்தில் இருந்ததெல்லாம் போய்விடும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் மாடலை ட்ரைவில் சேமிக்கும்படி எழுதிவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ப்ராஜெக்ட் வாரம் வீணாகி, அது பாடவாரத்தில் கை வைக்கும்.

இப்போது இரண்டாவது ரிவ்யூவுக்கு வருவோம். பேனலில் ஒருவர் கேட்கிறார்: "இந்தப் படமெல்லாம் ஒரே நிறப் பின்னணியில் ஒற்றை இலையாக இருக்கிறதே, தோட்டத்தில் எடுத்தால் சொல்லுமா?" டீம் விழிக்கிறது. இது புதிய கேள்வி அல்ல. அந்தத் தொகுப்பை வைத்து 2016இல் வந்த மொகந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகியோரின் கட்டுரையிலேயே பதில் இருக்கிறது. அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைத்த படங்களில் 99.35 விழுக்காடு வரை துல்லியம். வேறு சூழலில் எடுத்த படங்களில் அது சுமார் 31 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது.

9ஆம் வாரம் பாடவாரம். ஆனால் இந்தக் கேள்வி நோட்டில் முதல் வரியாக ஏறிவிட்டது. டீமில் ஒருவருக்கு பாலக்கோடு பக்கம் ஊர் என்று வைத்துக்கொள்வோம், தக்காளிக்குப் பஞ்சமில்லாத இடம். சனிக்கிழமை ஊருக்குப் போனவர் செல்போனில் அறுபது இலைப் படம் எடுத்து வருகிறார். 10ஆம் வாரம் அவற்றை மாடலுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். துல்லியம் விழுகிறது. விழட்டும். அந்த எண்ணையும், பின்னணியை வெட்டிவிட்டுக் கொடுத்தால் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் ரிப்போர்ட்டில் ஒரு பக்கமாக எழுதுகிறார்கள். வைவாவில் அதே கேள்வி வந்தால் பதில் கையில் இருக்கிறது, அதுவும் சொந்த எண்ணோடு.

இதே டீம் "ப்ராஜெக்ட் முதலில்" என்று போயிருந்தால் கேள்வி அதே 8ஆம் வாரம்தான் வந்திருக்கும். ஆனால் அப்போது அவர்கள் ஆப்புக்கு லாகின் பக்கம் செய்துகொண்டிருப்பார்கள். கேள்வியை நின்று யோசிக்கிற வாரம் அந்த அட்டவணையில் இல்லை. தினப் பிரிப்பில் யோசிக்க நேரம் இருக்கும், மாற்றி ஓட்டிப் பார்க்க நீளமான நேரம் இருக்காது.

இன்னொரு கேள்வியும் இந்த நோட்டில் ஏறும்: "படங்களைத் திருப்பி, சுழற்றிப் பெருக்கியது பிரிப்பதற்கு முன்பா, பின்பா?" முன்பே பெருக்கிவிட்டுப் பிரித்திருந்தால் ஒரே இலையின் நேர்ப்படம் ட்ரெய்னிங்கிலும் சுழற்றிய படம் சோதனையிலும் போய் உட்கார்ந்திருக்கும். துல்லியம் பொய்யாக ஏறியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம், தரவைப் பிரிக்கும் வரி பெருக்கும் வரிக்குக் கீழே இருக்கிறதா என்று கோடைப் பார்ப்பதுதான். இருந்தால் மறுபடி ட்ரெய்ன் செய்ய வேண்டும். அதற்கு 10ஆம் வாரம் போதும், 13ஆம் வாரம் போதாது.

பத்தாம் வார முடிவில் கோடைப் பூட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு தொடுவது பிழை திருத்த மட்டும்.

## ரிப்போர்ட்டின் கடைசிப் பத்து நாள்

எந்த வழியில் போனாலும் இந்தப் பகுதி மாறாது, எல்லா அட்டவணையும் உடைவதும் இங்கேதான். கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பைண்டிங்குக்கு இரண்டு நாள், கல்லூரியில் எல்லா டீமும் ஒரே கடைக்குப் போகிற வாரம் என்றால் மூன்று. போனஃபைடு பக்கத்தில் கைடும் துறைத்தலைவரும் கையெழுத்துப் போட ஒரு நாள், அதில் ஒருவர் வெளியூர் தேர்வுப் பணிக்குப் போயிருந்தால் இரண்டு. எழுத்துத் திருட்டுச் சோதனைக்குக் கொடுத்து, சதவீதம் அதிகமாக வந்து, சில பத்திகளைத் திருத்தி மறுபடி கொடுக்க இரண்டு நாள். கைடு படித்துத் திருத்தம் சொல்ல மூன்று நாள். ஒவ்வொன்றிலும் அதிகபட்சத்தைக் கூட்டினால் பத்து. அதாவது 13ஆம் வார வெள்ளி கடைசித் தேதி என்றால், 12ஆம் வாரச் செவ்வாய்க்கிழமையே முழு வரைவு கைடின் மேசையில் இருக்க வேண்டும். அதற்கு மூன்றாவது ரிவ்யூவுக்கு முன்பே முதல் நான்கு அத்தியாயங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும். லிட்ரேச்சர் சர்வே முதல் ரிவ்யூவுக்குச் செய்ததுதானே, அப்போதே வாக்கியமாக எழுதிவிட்டால் வேலை தீர்ந்தது.

கொடுத்த பிறகு வருகிற இரண்டு நாளில் டீம் ஒரு வேலை செய்யலாம். ஒவ்வொருவரும் தான் செய்யாத பகுதியைக் கால்மணி நேரம் மற்ற இருவருக்கும் விளக்குவது. எக்ஸ்டர்னல் "இதில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவர் செய்ததைப் பற்றி உங்களிடம் கேட்பார். கோடு எழுதிய ஒருவர் மட்டும் பேசி, மற்ற இருவர் தலையாட்டினால் மூன்று பேர் மதிப்பெண்ணும் ஒரே மாதிரி இருக்காது. டெமோ ஓடுகிற காட்சியை ரெகார்டு செய்து லேப்டாப்பில் வைத்துக்கொள்வதும் இந்த நேரத்தில்தான். லேப் வைஃபை அன்றைக்கு இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

## எந்த நிலைமைக்கு எது

தாள் இருக்கிறது, சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட், டீம் சுமாராக ஒத்துப் போகிறது என்றால் ரிவ்யூவைச் சுற்றிய வழி. பெரும்பாலானவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் வருவீர்கள்.

தாளே இல்லை, அல்லது கம்பெனி ப்ராஜெக்ட், அல்லது ஹார்டுவேர் என்றால் ப்ராஜெக்ட் முதலில். ஆனால் ஒரு முடிவெடுக்கும்போதெல்லாம் என்ன, ஏன், வேறு எதைப் பார்த்தோம் என்று மூன்று வரி எழுதி வையுங்கள். இந்த வழியின் பெரிய ஓட்டையை அடைக்க அது போதும்.

இரண்டுக்கு மேல் அரியர் இருந்தால் தினப் பிரிப்பு. அந்த நிலைமையில் ப்ராஜெக்ட் தலைப்பையும் அதற்கேற்றபடி எளிதாக எடுப்பதுதான் புத்திசாலித்தனம். மூவரும் அரியர்காரர்களாகச் சேர்ந்த டீம் பெரிய தலைப்பை எடுத்துக்கொண்டு கைடைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. டீமில் ஒருவருக்கு மட்டும் அரியர் என்றால் அவர் மட்டும் காலையைத் தனியாக ஒதுக்கிக்கொண்டு, மற்றதில் டீமின் வழியிலேயே போகலாம்.

வைவா எழுத்துத் தேர்வுக்குப் பின்னால் தள்ளிப்போகிற கல்லூரிகளும் உண்டு. அப்படி அறிவிப்பு வந்தால் அட்டவணையில் ஒரே ஒரு மாற்றம் போதும்: பூட்டிய கோடு, ஓடுகிற டெமோ, வைவா நோட்டு மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு மூவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தேர்வு எழுதிய மறுநாள் அந்த நோட்டை ஒரு தடவை புரட்டி, டெமோவை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். இடையில் லைப்ரரி பதிப்புகள் மாறியிருந்தால் ஓடாமல் போகும். அதனால் ப்ராஜெக்ட்டைப் பூட்டுகிற அன்றைக்கே பதிப்பு எண்களைக் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

```
pip freeze > requirements.txt
```